கேட் ரிஜிஸ்டர் சாட்சி சொல்லட்டும்

கோவையில் ஒரு நூற்பாலையின் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். மேசைக்கு வரும் ஆஃபர்களைப் படிப்பது அன்றாட வேலை. ஓய்வு பெற்ற பிறகு, பக்கத்துத் தெருவில் சிறிய நிறுவனம் தொடங்கியிருந்த ஓர் இளைஞர் தன்னுடைய ஆஃபர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். ஆலைகளில் கம்ப்ரெஸ்டு ஏர் குழாய்களில் காற்றுக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்துத் தருவதுதான் அவருடைய தொழில். வேலை தெரிந்தவர். ஆனால் அனுப்பிய நான்கு ஆஃபர்களுக்கும் பதில் வரவில்லை. "விலை கூடுதலாப் போட்டுட்டனோன்னு சந்தேகமா இருக்குதுங்கண்ணா" என்றார்.

முதல் பக்கத்தைப் படித்தேன்.

"எங்களுடைய உலகத்தரம் வாய்ந்த எண்ட்-டு-எண்ட் ஏர் மேனேஜ்மென்ட் சொல்யூஷன், உங்கள் ஆலையின் எனர்ஜி எஃபிஷியன்ஸியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு செல்லும். அதிநவீனத் தொழில்நுட்பமும் துறையில் ஆழ்ந்த அனுபவமும் கொண்ட எங்கள் குழு, 30 சதவீதம் வரை கணிசமான சேமிப்பை உறுதி செய்யும். 24×7 சப்போர்ட் உண்டு. வாடிக்கையாளரின் திருப்தியே எங்கள் இலக்கு."

விலை இரண்டாம் பக்கத்தில் இருந்தது, அதில் தவறில்லை. அந்தப் பக்கம் வரை யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்பதுதான் சிக்கல். ஆலையின் பராமரிப்பு மேலாளர் ஓர் ஆஃபரைக் கையில் எடுக்கும்போது அவருக்குத் தெரிய வேண்டியவை சிலதான். என்ன செய்வாய், எத்தனை நாளில் முடிப்பாய், முடிந்ததா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது, முடியாவிட்டால் என்ன செய்வாய்? மேலே உள்ள நான்கு வாக்கியங்களில் இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. அதே வாக்கியங்களை ஒரு செக்யூரிட்டி நிறுவனமோ கேன்டீன் கான்ட்ராக்டரோ ஒன்றிரண்டு சொற்களை மாற்றி அனுப்பலாம். அனுப்புகிறார்கள், நான் படித்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொன்னேன். இந்த வாக்கியம் பொய் என்று ஆலைக்காரர் நிரூபிக்க நினைத்தால், எந்தத் தேதியில், எந்தக் கருவியை அல்லது எந்தப் பதிவேட்டை வைத்து நிரூபிப்பார்? பதில் கிடைத்தால் வாக்கியம் இருக்கட்டும். கிடைக்காவிட்டால், அந்த வாக்கியத்துக்குப் பின்னால் சொல்ல ஏதாவது உண்மை இருக்கிறதா என்று தேட வேண்டும். அதுவும் இல்லை என்றால் அடித்துவிட வேண்டும்.

'உலகத்தரம்' முதலில் போனது. 'எண்ட்-டு-எண்ட் சொல்யூஷன்' என்ற இடத்தில் அவர் தயங்கினார். அதற்குள் ஏதோ இருக்கிறது என்றார். "சரி தம்பி, ஆலைக்குள்ள போனா முதல்ல என்ன செய்வீங்க?" என்றேன். அதற்கு அவர் வாயால் சொன்னதுதான் ஆஃபரில் இருந்திருக்க வேண்டிய பத்தி.

ஆலை நிற்கும் ஒரு விடுமுறை நாளில் போவார். நூல் இயந்திரங்கள் அனைத்தும் நின்றிருக்கும், ஆனால் அவற்றுக்குப் போகும் காற்றுக் குழாய் வால்வுகள் திறந்தே இருக்கும். கம்ப்ரெஸரை மட்டும் ஓட்டுவார். காற்றை யாரும் பயன்படுத்தவில்லை. எனவே குழாயில் குறையும் காற்று முழுவதும் கசிவுதான். அழுத்தம் குறையும்போது கம்ப்ரெஸர் லோடு எடுக்கும், நிரம்பியதும் அன்லோடு ஆகும். லோடில் ஓடும் நேரத்தையும் அன்லோடில் ஓடும் நேரத்தையும் ஸ்டாப் வாட்சில் ஐந்தாறு முறை குறித்துச் சராசரி எடுப்பார். லோடு நேரத்தை இரண்டு நேரங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், கம்ப்ரெஸரின் திறனில் எத்தனை பங்கு கசிவுக்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

இது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. ஆற்றல் தணிக்கையாளர்கள் அனைவரும் செய்யும் எளிய சோதனை. அதனால்தான் அது ஆஃபருக்கு ஏற்றது. ஆலையின் ஃபிட்டரே ஒரு கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அதே சோதனையைச் செய்து பார்த்துவிட முடியும்.

அந்த ஆஃபர் போக வேண்டிய ஆலையில் ஆயுத பூஜை விடுமுறையன்று அவர் இந்தச் சோதனையை இலவசமாகச் செய்து வைத்திருந்தார். லோடு 90 விநாடி, அன்லோடு 150 விநாடி. 240-இல் 90 என்றால் 37.5 சதவீதம். அந்த ஆலைக் கம்ப்ரெஸர் அடைக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், நூலில் படாமலே வெளியே போய்க்கொண்டிருந்தது. பராமரிப்பு நன்றாக உள்ள இடங்களில் இதை 10 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ள முடியும். இவ்வளவு வலுவான ஒரு எண் கையில் இருக்க, அதை உள்ளே வைத்துவிட்டு 'அடுத்த கட்டத்துக்குக் கொண்டு செல்வோம்' என்று எழுதியிருந்தார். எனக்கு வருத்தமாக இருந்தது. சொல்ல எதுவும் இல்லாதவர்கள்தான் இந்தச் சொற்களைத் தேடிப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். சொல்ல நிறைய இருப்பவர்களும், ஆஃபர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போல என்று எண்ணி, தங்கள் சரக்கை மூடி வைத்துவிடுகிறார்கள்.

'கணிசமான சேமிப்பு' என்ற சொல்லைத் திறந்தபோதுதான் அன்று மாலையின் உண்மையான வேலை தொடங்கியது.

கசிவை 37.5-இலிருந்து 10 சதவீதத்துக்குக் குறைக்க முடியும் என்று அவர் நம்பினார். 27.5 சதவீதம் மிச்சம். கம்ப்ரெஸர் லோடில் ஓடும்போது 40 கிலோவாட் எடுக்கிறது. 40-இல் 27.5 சதவீதம் 11 கிலோவாட். ஒரு நாளுக்கு 24 மணி நேரம், ஆண்டுக்கு 350 நாள் என்று பெருக்கினால் 92,400 யூனிட். ஆலை தன் கணக்குக்கு வைத்திருந்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 50 காசு. ஆக ஆண்டுக்கு 6 லட்சத்து 93 ஆயிரம் ரூபாய். "இதையே எழுதிடலாங்களா?" என்றார். முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது.

"அன்லோடுல கம்ப்ரெஸர் கரண்ட்டே எடுக்காதா தம்பி?" என்று கேட்டேன்.

ஸ்க்ரூ கம்ப்ரெஸர் அன்லோடில் காற்றை அழுத்துவதில்லை, ஆனால் மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கும் மின்சாரம் வேண்டும். அவருடைய குறிப்பேட்டில் அளவு இருந்தது: 12 கிலோவாட். கசிவை அடைத்தால் கம்ப்ரெஸர் நின்றுவிடாது. லோடிலிருந்து அன்லோடுக்குப் போகும், அவ்வளவுதான். எனவே மிச்சமாவது 40 கிலோவாட்டின் 27.5 சதவீதம் அல்ல. 40-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசமான 28-இன் 27.5 சதவீதம். அதாவது 7.7 கிலோவாட். ஆண்டுக்கு 64,680 யூனிட். ரூபாயில் 4 லட்சத்து 85 ஆயிரம்.

இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் ஒரே கேள்வியில் குறைந்துவிட்டது. அவர் சற்று நேரம் பேசவில்லை. 'கணிசமான சேமிப்பு' என்ற சொல் அவருடைய தவறான கணக்கை அவரிடமிருந்தே மறைத்து வைத்திருந்தது. எண்ணாக எழுத உட்கார்ந்த பிறகுதான் அது வெளியே வந்தது. ஆலையில் எலக்ட்ரிக்கல் பொறுப்பில் இருப்பவர் இதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். அப்படிக் கண்டுபிடித்தவர் மற்ற எண்களையும் நம்பியிருக்க மாட்டார்.

இங்கே தொழில் தெரிந்தவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அன்லோடு மின்சாரத்தை க்ளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து மட்டும் கணக்கிட்டால் தவறாகும். அன்லோடில் மோட்டாரின் பவர் ஃபேக்டரும் விழுந்துவிடுவதால், ஆம்பியர் காட்டும் அளவுக்கு மின்சாரம் உண்மையில் செலவாகாது. கிலோவாட் காட்டும் மீட்டர் வேண்டும். அதேபோல், வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வி.எஃப்.டி. கம்ப்ரெஸருக்கு இந்த லோடு-அன்லோடு கணக்கு பொருந்தாது. ஆஃபரில் எழுதும் எண்ணோடு, அது எந்த இயந்திரத்தில் எந்த மீட்டரால் அளந்தது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட்டால், எதிரில் இருப்பவர் பேச வேண்டியது அந்த வரியைப் பற்றித்தான்.

'30 சதவீதம் வரை' என்பதற்கு வருகிறேன். எண் இருந்தால் போதும், வாக்கியம் உறுதியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 'வரை' என்ற சொல் அந்த எண்ணைக் காலி செய்துவிடுகிறது. 30 சதவீதம் வரை சேமிப்பு என்றால் 2 சதவீதம் மிச்சமானாலும் வாக்கு நிறைவேறியது. ஒன்றும் மிச்சமாகாவிட்டாலும் பொய்யில்லை. மேலும் எதில் 30 சதவீதம்? கசிவிலா, கம்ப்ரெஸரின் மின் செலவிலா, ஆலையின் மொத்த மின் கட்டணத்திலா? இவை மூன்றும் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடும் தொகைகள். சதவீதம் என்று எழுதினால் எதன் சதவீதம் என்று எழுத வேண்டும். 'வரை'க்குப் பதில் 'குறைந்தது' என்று எழுத முடியுமா என்று பார்க்க வேண்டும். எழுதக் கை வராவிட்டால், எண்ணைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அவருக்குக் கை வரவில்லை. காரணம் நியாயமானது. "ரூபா கணக்குல உறுதி கொடுத்தா நான் மாட்டிக்குவேனுங்கண்ணா. நாளைக்கே அவங்க புது மெஷின் போட்டுக் காத்து அதிகமா இழுத்தாங்கன்னா, பில்லு ஏறிரும். அதுக்கு நான் என்ன செய்யறது?"

வெற்றுச் சொற்களுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பயம்தான். பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆலை பர்ச்சேஸ் ஆர்டர் போடும்போது 'உங்களுடைய இன்ன தேதியிட்ட ஆஃபரின்படி' என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். அந்த ஒரு வரியால் ஆஃபரில் எழுதியது ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும்.

இங்கிலாந்தில் 1891-இல் கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற மருந்து நிறுவனம் ஒரு விளம்பரம் செய்தது. தங்கள் மருந்து உருண்டையைச் சொன்னபடி நாளுக்கு மூன்று முறை இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளூயன்ஸா வந்தால் 100 பவுண்டு தருவோம் என்றது. அதற்காக ஒரு வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருப்பதாகவும் எழுதியது. கார்லில் என்ற பெண்மணி அப்படியே பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது, பணம் கேட்டார். இதெல்லாம் வெறும் விளம்பர மிகைப்பேச்சு என்று நிறுவனம் வாதாடியது. 1892-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்கியில் போட்ட பணமே அவர்கள் மனமறிந்து சொன்னதற்குச் சாட்சி என்றது. 'தலைசிறந்த மருந்து' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த நிறுவனம் தப்பியிருக்கும். எண்ணும் நாளும் வாக்கை வாக்காக்கிவிட்டன.

மறுபக்கமும் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 29-ஆவது பிரிவு, பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. சட்டமே அதற்கு ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது. ஒருவர் இன்னொருவருக்கு 'நூறு டன் எண்ணெய்' விற்பதாக ஒப்புக்கொள்கிறார்; எந்த எண்ணெய் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை; ஒப்பந்தம் செல்லாது. அதே நபர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்பவராக இருந்தால் பொருள் தெளிவாகிவிடுகிறது, ஒப்பந்தம் நிற்கும். மூடுபனியான சொல் விற்பவரை மட்டும் காப்பதில்லை. வேலை முடிந்தபின் பணம் கேட்டுப் போகும்போது, 'நீ சொன்னது முடியவில்லையே' என்று வாங்குபவர் சொன்னால், எது முடிந்தால் முடிந்ததாகும் என்று காட்ட விற்பவரிடமும் எதுவும் இருக்காது. சிறிய நிறுவனங்களின் கடைசித் தவணை மாதக்கணக்கில் நிற்பதற்கு இது ஒரு காரணம் என்பதைக் கொள்முதல் மேசையில் இருந்து பார்த்திருக்கிறேன்.

எனவே அவருடைய பயத்துக்கு மருந்து, எண்ணை எடுத்துவிடுவது அல்ல. தன் கையில் இருப்பதற்கு வாக்குக் கொடுப்பதும், தன் கையில் இல்லாததைக் கணக்கோடு மதிப்பீடாகக் காட்டுவதும்தான். கசிவு சதவீதம் அவர் கையில் இருக்கிறது. ரூபாய் சேமிப்பு, ஆலையின் உற்பத்தியையும் மின் விலையையும் சார்ந்தது. முதலாவதை வாக்காக எழுதினோம். இரண்டாவதை 'மதிப்பீடு' என்று தலைப்பிட்டு, மேலே சொன்ன பெருக்கல்களை அப்படியே வரி வரியாக எழுதினோம். ஆலைக்காரர் விலையை மாற்றிப் போட்டுத் தானே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வாக்கு இப்படி அமைந்தது: "வேலை தொடங்கிய 30 நாட்களுக்குள் கசிவைக் கம்ப்ரெஸர் திறனில் 12 சதவீதத்துக்குக் கீழே கொண்டு வருவோம். ஆயுத பூஜையன்று செய்த அதே சோதனையை உங்கள் ஃபிட்டர் முன்னிலையில் மீண்டும் செய்வோம். அளவு 12-க்கு மேல் இருந்தால், குறையும் வரை கூடுதல் கட்டணமின்றி வேலை செய்வோம். எங்கள் பில்லில் 30 சதவீதத்தை அதுவரை நீங்கள் நிறுத்தி வைக்கலாம்." அவர் 10 முடியும் என்று நம்பினாலும் 12 என்று எழுதினோம். நம்பிக்கைக்கும் வாக்குக்கும் நடுவே அந்த இரண்டு சதவீத இடம் வேண்டும்.

'அதே சோதனை' என்ற இரண்டு சொற்களுக்கு அவரைத் தனியாக ஒரு பத்தி எழுத வைத்தேன். இந்தச் சோதனையில் ஏமாற்றுவது எளிது. இரண்டாம் முறை இயந்திரங்களுக்குப் போகும் வால்வுகளை மூடிவிட்டால், இயந்திரத்துக்குள் உள்ள பழைய சிலிண்டர்களும் ஹோஸ் இணைப்புகளும் கசிவது கணக்கில் வராது. ஒரு இடத்தைக்கூட அடைக்காமலே அளவு இறங்கிவிடும். அழுத்தத்தை 7 கிலோவிலிருந்து 6 கிலோவுக்கு இறக்கி வைத்தாலும் கசிவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு தானாகக் குறையும். எனவே எந்தெந்த வால்வுகள் திறந்திருந்தன, கம்ப்ரெஸர் எந்த அழுத்தத்தில் லோடு எடுத்து எதில் அன்லோடு ஆகுமாறு செட் செய்யப்பட்டிருந்தது, எத்தனை சுழற்சிகள் எண்ணப்பட்டன என்பதை எழுதி, இரண்டாம் சோதனையும் அப்படியே இருக்கும் என்று சேர்த்தார். தன்னைப் பிடிக்கும் வழியைத் தானே எழுதிக் கொடுக்கும் விற்பனையாளரை வாங்குபவர்கள் மறப்பதில்லை.

'ஆழ்ந்த அனுபவம்' அவரைச் சங்கடப்படுத்தியது. அதுவரை மூன்று ஆலைகளில்தான் வேலை செய்திருந்தார். மூன்று என்று எழுதினால் சின்னதாகத் தெரியுமே என்றார். மூன்றையும் எழுதுங்கள் என்றேன். இரண்டில் கசிவு 10 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. மூன்றாவதில் 18-க்குக் கீழே போகவில்லை. அங்கே முதன்மைக் குழாய் தரைக்கு அடியில் போகிறது. கசியும் இடத்தை அல்ட்ராசோனிக் கருவியால் மேலிருந்து பிடிக்க முடியவில்லை, தோண்ட ஆலை சம்மதிக்கவில்லை. அதையும் எழுதினார். கீழே, 'தரைக்கு அடியில் உள்ள குழாய்கள் எங்கள் 12 சதவீத வாக்கில் சேராது' என்ற நிபந்தனையும் இயல்பாக வந்து உட்கார்ந்தது. தோல்வி ஒன்றைச் சொல்லாமல் அந்த நிபந்தனையை மட்டும் எழுதியிருந்தால், தப்பிக்கும் வழி தேடுகிறார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றியிருக்கும்.

'அதிநவீனத் தொழில்நுட்பம்' சுருக்கமாக முடிந்தது. காதுக்குக் கேட்காத சீறலைப் பிடிக்கும் அல்ட்ராசோனிக் கருவி ஒன்று, உறுதி செய்யச் சோப்புத் தண்ணீர், கசியும் ஒவ்வோர் இடத்திலும் எண் போட்ட ஒரு டேக். வேலை முடிந்ததும் டேக் எண், இடம், மாற்றிய பொருள் மூன்றும் உள்ள பட்டியல் ஆலைக்குத் தரப்படும். இது போதும்.

'24×7 சப்போர்ட்' என்பதைப் பார்த்து, "ராத்திரி ரெண்டு மணிக்கு யார் ஃபோன் எடுப்பாங்க?" என்று கேட்டேன். ஃபோன் அவருடையது, அவர் தூங்குவார். அப்படியானால் காலை 8 முதல் இரவு 8 வரை ஃபோன் எடுக்கப்படும் என்று எழுதினோம். எங்கள் வேலையில் ஏற்பட்ட குறையால் கம்ப்ரெஸர் நின்றால், தகவல் சொன்ன 6 மணி நேரத்துக்குள் எங்கள் ஆள் ஆலைக்குள் இருப்பார். அந்த நேரத்துக்கு உங்கள் கேட் ரிஜிஸ்டரில் உள்ள பதிவே ஆதாரம் என்றும் சேர்த்தோம். கேட் ரிஜிஸ்டர் அவருடையது அல்ல, ஆலையுடையது. உள்ளே வரும் ஒவ்வொருவரின் நேரத்தையும் செக்யூரிட்டி எப்படியும் எழுதுகிறார். வாங்குபவர் ஏற்கெனவே வைத்திருக்கும் பதிவேட்டில் சரிபார்க்கும்படி ஒரு வாக்கை எழுத முடிந்தால், அதைவிட நல்ல வாக்கியம் ஆஃபரில் அமையாது. புதிதாக யாரும் எதையும் அளக்க வேண்டியதில்லை, அளந்தவரை நம்ப வேண்டியதும் இல்லை.

கடைசி வாக்கியம் மிஞ்சியது. வாடிக்கையாளரின் திருப்தியே எங்கள் இலக்கு. அதற்குப் பின்னால் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று இருவரும் தேடினோம். இல்லை. அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

புதிய ஆஃபர் பழையதைவிட நீளமாக இருந்தது, ஒன்றரைப் பக்கம். ஆலைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து அதே தாள் திரும்பி வந்தது, பராமரிப்பு மேலாளரின் பேனாக் குறிப்புகளோடு. 6 மணி நேரம் என்பதை அடித்து 4 என்று எழுதியிருந்தார். தரைக்கு அடியில் போகும் குழாய் பற்றிய வரியின் பக்கத்தில், எங்கள் ஆலையில் 40 அடி மட்டும் அப்படிப் போகிறது, அதை மாற்றித் தர எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தார்.